பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம்

இரண்டு எண்கள் வேறு வேறானவை என்றால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது பூஜ்ஜியம் வராது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனால் 1970களில் விற்ற பல கணினிகளில் இது எப்போதும் உண்மையாக இருக்கவில்லை. x-உம் y-உம் சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். அடுத்த வரியிலேயே x-இலிருந்து y-ஐக் கழிக்கச் சொன்னால் ‘பூஜ்ஜியம்’ என்று சொல்லும். கருவியில் பழுது ஒன்றும் கிடையாது. எண்களைச் சேமித்து வைக்கும் முறையிலேயே, பூஜ்ஜியத்தை ஒட்டி ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சப்நார்மல் எண்கள் வந்தன.

பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிய, கணினி தசம எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எலக்ட்ரானின் நிறையை 9.109 × 10⁻³¹ கிலோகிராம் என்று எழுதுகிறோம். முன்னால் சில இலக்கங்கள், பின்னால் பத்தின் அடுக்கு. கணினியும் இதையேதான் செய்கிறது, பத்துக்குப் பதில் இரண்டின் அடுக்கை வைத்து. புள்ளி அடுக்குக்கு ஏற்றபடி நகர்ந்துகொண்டே இருப்பதால் இதை மிதவைப்புள்ளி எண் என்கிறார்கள். ‘சிங்கிள் பிரிசிஷன்’ எனப்படும் 32 பிட் வடிவத்தில் குறிக்கு (பிளஸ், மைனஸ்) 1 பிட், அடுக்குக்கு 8 பிட், இலக்கங்களுக்கு 23 பிட்.

இலக்கங்களில் ஒரு சிக்கனம் உண்டு. இரும முறையில் இருப்பவை 0, 1 என்ற இரண்டு இலக்கங்கள்தான். எண்ணை எப்போதும் பூஜ்ஜியமல்லாத இலக்கத்தில் தொடங்கி எழுதுவது என்று வைத்துக்கொண்டால், முதல் இலக்கம் 1 ஆகத்தான் இருக்க முடியும். தெரிந்த ஒன்றை எதற்கு எழுதிவைக்க வேண்டும்? அதைச் சேமிப்பதே இல்லை. 23 பிட் இடத்தில் 24 பிட் துல்லியம் கிடைத்துவிடுகிறது. இப்படி 1-இல் தொடங்கும் எண்களுக்கு நார்மல் எண்கள் என்று பெயர்.

அடுக்குக்கு 8 பிட்தான் இருப்பதால் அது எவ்வளவு வேண்டுமானாலும் கீழே போக முடியாது. நார்மல் எண்களின் கடைசி அடுக்கு −126. ஆகவே மிகச் சிறிய நார்மல் எண் 1.0 × 2⁻¹²⁶. தசமத்தில் சுமார் 1.175 × 10⁻³⁸.

இதற்கு அடுத்து மேலே இருக்கும் எண் எது? கடைசி பிட்டை மட்டும் 1 ஆக்கினால் 2⁻¹⁴⁹ அளவு கூடும். அதற்கடுத்த எண் இன்னொரு 2⁻¹⁴⁹. இந்த வட்டாரத்தில் எண்கள் எல்லாமே 2⁻¹⁴⁹ இடைவெளியில் நிற்கின்றன. அப்படியே கீழ்நோக்கி வந்து 2⁻¹²⁶-ஐத் தொட்டதும், அதற்குக் கீழே நார்மல் எண் எதுவும் கிடையாது. அடுத்தது பூஜ்ஜியம்தான். அந்தக் கடைசித் தாவலின் நீளம், மேலே இருந்த இடைவெளியைப்போல 83,88,608 மடங்கு. ஒரே உயரப் படிகளாக இறங்கி வரும் மாடிப்படியில், கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் படிகளின் உயரம் வெறுமையாகக் கிடப்பதைப்போல. ஒரு கணக்கின் விடை அந்த வெறுமைக்குள் விழுந்தால் பழைய கணினிகள் பலவும் அதைப் பூஜ்ஜியமாக்கிவிடும்.

நிரப்பிய விதம் எளிமையானது. அடுக்கின் 8 பிட்களும் பூஜ்ஜியமாக இருந்தால், எழுதாமல் விட்ட முதல் இலக்கத்தை 1 என்று கொள்ளாமல் 0 என்று கொள். அடுக்கை −126-இலேயே நிறுத்திவை. அவ்வளவுதான் விதி. இப்போது 0.111…1 × 2⁻¹²⁶ என்பது செல்லுபடியாகும் எண். அதிலிருந்து ஒவ்வொரு 2⁻¹⁴⁹ ஆக இறங்கிக்கொண்டே வரலாம். கடைசியில் நிற்பது ஒரே ஒரு பிட் மட்டும் எரியும் எண்: 2⁻¹⁴⁹, தசமத்தில் சுமார் 1.4 × 10⁻⁴⁵. சிங்கிள் பிரிசிஷனில் பூஜ்ஜியத்தைவிடப் பெரிய எண்களில் இதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இதற்கும் பூஜ்ஜியத்துக்கும் உள்ள தூரம் அதே 2⁻¹⁴⁹. முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் 83,88,607 எண்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. இவைதான் சப்நார்மல் எண்கள். டினார்மல் என்பது இவற்றின் பழைய பெயர்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 32 பிட்களையும் சாதாரண முழு எண்ணாகப் படித்துப் பாருங்கள். மிகச் சிறிய சப்நார்மல் `0x00000001`. மிகப் பெரிய சப்நார்மல் `0x007FFFFF`. அதோடு ஒன்றைக் கூட்டினால் `0x00800000`. அதுதான் மிகச் சிறிய நார்மல். எல்லை ஒன்றைக் கடந்திருக்கிறோம் என்பதே தெரியாத அளவுக்கு வரிசை ஒழுங்காகப் போகிறது.

நிரலாளர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. சி மொழியில் `FLT_MIN` என்ற பெயரைப் பார்த்தால் இருப்பதிலேயே சிறிய எண் என்று தோன்றும். அது 1.175 × 10⁻³⁸, அதாவது மிகச் சிறிய நார்மல் மட்டுமே. உண்மையான கடைசி எண்ணுக்கு `FLT_TRUE_MIN` என்று 2011ஆம் ஆண்டின் சி தரத்தில்தான் பெயர் வந்தது. ஜாவாவில் நேர்மாறு: `Float.MIN_VALUE` என்பது 1.4 × 10⁻⁴⁵. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றும்போது இது காலை வாரிவிடக்கூடியது.

சப்நார்மல் எண்களில் இடம் கிடைக்கிறது; அதற்கு விலையாகத் துல்லியம் போகிறது. எலக்ட்ரானின் நிறையை நியூட்டனின் ஈர்ப்பு மாறிலியால், அதாவது 6.674 × 10⁻¹¹-ஆல் பெருக்கினால் சுமார் 6.08 × 10⁻⁴¹ வரும். நார்மல் எல்லைக்குக் கீழே இருக்கும் எண் இது. சப்நார்மல் இல்லாத கணினியில் விடை பூஜ்ஜியம். சப்நார்மல் உள்ள கணினியில், 2⁻¹⁴⁹ என்ற சிறு அலகில் சுமார் 43,000 அலகுகளாக அந்த விடை நிற்கும். நார்மல் எண்களில் ஏழு இலக்கம் வரை நம்பலாம் என்றால் இங்கே நாலைந்து இலக்கம்தான் தேறும். இன்னும் கீழே போனால் மூன்று, இரண்டு, ஒன்று என்று தேய்ந்து, கடைசியில் பூஜ்ஜியம். சட்டென்று அறுந்து விழாமல் இப்படிப் படிப்படியாகத் தேய்வதைத்தான் கிராஜுவல் அண்டர்ஃப்ளோ என்கிறார்கள்.

பெருக்கலிலும் வகுத்தலிலும்தான் இந்தத் தேய்மானம். கூட்டல், கழித்தலில் விஷயமே வேறு. சிங்கிள் பிரிசிஷனில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 2⁻¹⁴⁹-இன் முழு மடங்கு. இரண்டு முழு மடங்குகளைக் கூட்டினாலும் கழித்தாலும் கிடைப்பது இன்னொரு முழு மடங்கு. அது சப்நார்மல் பகுதியில் விழுந்தால், அங்கே ஒவ்வொரு மடங்குக்கும் ஓர் இடம் தயாராக இருக்கிறது. ஆகவே அந்த விடை துளிகூடப் பிசகாது. தொடக்கத்தில் சொன்ன அந்தப் பள்ளிக்கூட உண்மை இதனால்தான் திரும்பக் கிடைத்தது: x-உம் y-உம் வேறு என்றால் x − y பூஜ்ஜியம் ஆகாது.

இது ஏன் பெரிய விஷயம் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவிலான சரிவைக் கணக்கிடும் நிரல் இது. பூஜ்ஜியத்தால் வகுத்துவிடக் கூடாதே என்று எழுதியவர் கவனமாகக் காவலும் போட்டிருக்கிறார்:

```c
if (x != y)
    z = (p - q) / (x - y);
```

x-இன் மதிப்பு 1.5 × 2⁻¹²⁶ என்றும், y-இன் மதிப்பு 1.25 × 2⁻¹²⁶ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் நார்மல் எண்கள். இரண்டும் வேறு வேறு. காவல் திறந்துவிடும். உள்ளே x − y என்பது 0.25 × 2⁻¹²⁶, தசமத்தில் சுமார் 2.94 × 10⁻³⁹. சப்நார்மல் இருந்தால் இந்த மதிப்பு அச்சுப் பிசகாமல் கிடைக்கும். சரிவும் சரியாக வரும். இல்லாவிட்டால் வகுக்கும் எண் பூஜ்ஜியம். மேலே உள்ள p − q எதுவாக இருந்தாலும் விடை முடிவிலி. அதுவும் பூஜ்ஜியமாகியிருந்தால், ‘எண் அல்ல’ என்று பொருள்படும் NaN. அந்த NaN அடுத்தடுத்த கணக்குகளில் எல்லாம் பரவி, எங்கேயோ தொலைவில் வெளிவரும். தேடுகிறவர் இந்த வரியைப் படித்துப் பார்த்தால் சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது. காவல்தான் இருக்கிறதே!

இந்த வாதத்தை முன்வைத்துப் போராடியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கஹான். 1970களின் இறுதியில் மிதவைப்புள்ளிக்குப் பொதுத் தரம் ஒன்றை உருவாக்க ஐ.இ.இ.இ. அமைப்பின் குழு கூடியபோது ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8087 சிப் வடிவமைப்பில் ஆலோசகராக இருந்த கஹான், தம் மாணவர் ஜெரோம் கூனன், பெர்க்லிக்கு வருகைப் பேராசிரியராக வந்திருந்த ஹரால்ட் ஸ்டோன் ஆகியோருடன் சேர்ந்து ஒரு வரைவைக் கொடுத்தார். அதில் கிராஜுவல் அண்டர்ஃப்ளோ இருந்தது.

கடுமையாக எதிர்த்தது டி.இ.சி. நிறுவனம். அவர்களுடைய வேக்ஸ் கணினிகள் அப்போது பேர்பெற்றவை. அவை சிறிய விடைகளைப் பூஜ்ஜியமாக்கும் பழைய வழியில்தான் ஓடின. சப்நார்மலைக் கையாள வன்பொருள் சிக்கலாகும், வேகம் குறையும் என்பது அவர்கள் கட்சி. அது வீம்புக்காகச் சொன்னதல்ல. முதல் இலக்கம் எப்போதும் 1 என்று நம்பிக் கட்டிய சுற்றுக்குள் 0-இல் தொடங்கும் எண் வந்தால், அதை முதலில் இடம்நகர்த்திச் சீராக்க வேண்டும். விடையையும் மறுபடி இடம்நகர்த்தி வைக்க வேண்டும். இதை வேகம் குறையாமல் செய்யலாம் என்பதைக் காட்ட, பெர்க்லி மாணவர் ஜார்ஜ் டெய்லர் வேக்ஸ் கணினிக்கே மாற்று மிதவைப்புள்ளிப் பலகைகளை வடிவமைக்க முனைந்தார்.

கடைசியில் டி.இ.சி.யே, பிழைக் கணக்கியலில் பெயர்பெற்ற மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஜி. டபிள்யூ. ஸ்டூவர்ட்டிடம் கிராஜுவல் அண்டர்ஃப்ளோவை ஆராய்ந்து சொல்லச் சொன்னது. 1981இல் பாஸ்டனில் நடந்த கூட்டத்தில் அவர் தம் முடிவைச் சொன்னார்: மொத்தத்தில் கிராஜுவல் அண்டர்ஃப்ளோதான் சரியான வழி. எதிர்த்தவர்களே அழைத்து வந்த நிபுணர் இப்படிச் சொன்ன பிறகு அந்தக் கட்சி மீளவில்லை. 1985இல் ஐ.இ.இ.இ. 754 என்ற தரம் வெளிவந்தபோது சப்நார்மல் அதன் அங்கமாக இருந்தது.

ஆனால் வேகத்தைப் பற்றிய கவலை அதோடு தீரவில்லை. தரம் வந்த பிறகும் பல சிப்கள் சப்நார்மலை அரிதாக வரும் விருந்தாளியாகவே நடத்தின. சாதாரணப் பெருக்கல் சில கடிகாரத் துடிப்புகளில் முடியும். சப்நார்மல் வந்துவிட்டால் சில இன்டெல் சிப்கள் வேலையை நிறுத்தி, உள்ளே இருக்கும் தனி நுண்நிரலைக் கூப்பிடும். அதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஆகும். அரிதாக வந்தால் யாருக்கும் தெரியாது. வந்துகொண்டே இருந்தால்?

வந்துகொண்டே இருக்கும் இடம் ஒலித்துறை. எதிரொலியைச் செயற்கையாக உருவாக்கும் மென்பொருளில், ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஒலியின் ஒரு பங்கு திரும்ப உள்ளே வரும். இசை நின்ற பிறகு அந்தப் பங்கு குறைந்துகொண்டே போகும். அதை இப்படிச் சுருக்கிப் பார்க்கலாம்:

```c
#include <stdio.h>
int main(void) {
    float y = 1.0f;
    for (int i = 0; i < 2000; i++)
        y = y * 0.9f;
    printf("%g\n", y);
}
```

ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டாயிரம் முறை ஓடிய பிறகு பூஜ்ஜியம்தான் வரும் என்று தோன்றும். வருவது `5.60519e-45`. இரண்டு லட்சம் முறை ஓடவிட்டாலும் அதேதான் வரும்.

காரணத்தை விரல்விட்டே எண்ணிப் பார்க்கலாம். சுமார் 829ஆவது பெருக்கலில் மதிப்பு நார்மல் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அங்கிருந்து நூற்றைம்பது பெருக்கலுக்குள் சில அலகுகளுக்கு வந்துவிடுகிறது. அலகு என்றால் அந்த 2⁻¹⁴⁹. ஆறு அலகின் பத்தில் ஒன்பது பங்கு 5.4, அருகிலுள்ள முழு அலகு 5. ஐந்துக்கு 4.5 வர வேண்டும். ஆனால் கணினியில் 0.9 என்பது மயிரிழை குறைவாகவே பதிவாகியிருப்பதால் 4.5-ஐவிடச் சற்றுக் குறைவாக வந்து, 4 ஆகிறது. நான்குக்கு 3.6, அருகிலுள்ள முழு அலகு மறுபடியும் 4! இனி அது அசையாது. நாலு அலகு, அதாவது 5.6 × 10⁻⁴⁵, அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு பெருக்கலும் சப்நார்மல் பெருக்கல். ஒவ்வொன்றும் அந்த மெதுவான பாதையில் போகும்.

ஒலி மென்பொருள் எழுதுகிறவர்களைப் பல வருடங்கள் குழப்பிய அறிகுறி இதிலிருந்து வந்ததுதான். பாட்டு ஒலிக்கும்போது கணினியின் சுமை சாதாரணமாக இருக்கும். பாட்டு நின்று நிசப்தமானதும் சுமை எகிறும். பென்டியம் 4 சிப்பில் இது மிக மோசம். காதுக்குக் கேட்காத அளவில் 10⁻¹⁸ போன்ற ஒரு மாறா எண்ணைச் சேர்த்துவிடுவது அவர்கள் கண்டுபிடித்த கைவைத்தியம். மதிப்பு சப்நார்மல் பகுதிக்குப் போகவே போகாது.

சிப்களிலேயே வேறொரு வழியும் இருக்கிறது. இன்டெல், ஏ.எம்.டி. சிப்களில் `MXCSR` என்ற கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் இரண்டு சுவிட்சுகள் உண்டு. `FTZ` என்பதைப் போட்டால் சப்நார்மலாக வரும் விடைகள் பூஜ்ஜியமாகும். `DAZ` என்பதைப் போட்டால் உள்ளே வரும் சப்நார்மல்கள் பூஜ்ஜியமாகக் கொள்ளப்படும். ஒலித்துறையில் இரண்டையும் போடுவதில் தவறே இல்லை. 10⁻³⁸ அளவு ஒலியை எந்த ஒலிபெருக்கியும் எழுப்பப் போவதில்லை. அங்கே யாரும் இரண்டு எண்களின் வித்தியாசத்தை நம்பி வகுப்பதும் அரிது. மேலே உள்ள சின்ன நிரலும் சுவிட்சைப் போட்டால் ஒழுங்காகப் பூஜ்ஜியத்தில் முடியும்.

என் மனக்குறை வேறு இடத்தில். இந்தச் சுவிட்சு ஒரு வரிக்கோ ஒரு செயல்கூறுக்கோ உரியதல்ல. அந்த த்ரெட்டில் ஓடும் அத்தனை கணக்குக்கும் உரியது. ஜிசிசி கம்பைலரில் `-ffast-math` என்று கொடுத்தால், நிரல் தொடங்கும்போதே இந்தச் சுவிட்சைப் போட்டுவிடும் சிறு துண்டு ஒன்று கூடவே இணைக்கப்படும். நீண்ட காலம், தனி நிரலுக்கு மட்டுமின்றிப் பிற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் பகிர்வு நூலகங்களுக்கும் இதே துண்டு இணைக்கப்பட்டது. யாரோ எழுதிய, மிதவைப்புள்ளியோடு பெரிய சம்பந்தமே இல்லாத நூலகம் ஒன்றை உங்கள் நிரல் ஏற்றினால் போதும். அந்தக் கணத்திலிருந்து உங்கள் கணக்குகளில் சப்நார்மல் இல்லை. வேறு வேறு எண்களின் கழித்தல் பூஜ்ஜியமாகலாம் என்ற 1970களின் நிலைமை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிவிடுகிறது. பைத்தான் உலகில் 2022 வாக்கில் இது வெளிச்சத்துக்கு வந்தது. ஜிசிசி 13ஆம் பதிப்பிலிருந்து பகிர்வு நூலகங்களுக்கு அந்தத் துண்டை இணைப்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய பதிப்பில் கட்டிய நூலகங்கள் அதனால் மாறிவிடாது.

பைத்தானில் நம்பை பயன்படுத்துகிறவர்கள் `The value of the smallest subnormal for <class 'numpy.float32'> type is zero.` என்ற எச்சரிக்கையைப் பார்த்திருந்தால் அதன் பொருள் இதுதான். பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள் என்று நிரல் சொல்கிறது. ஏற்றிய நூலகங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தால் எது போட்டது என்று பிடிபடும்.

சி நிரலில் சந்தேகம் வந்தால் கீழே உள்ள மூன்று வரிகளைச் சந்தேகப்படும் இடத்திலேயே வைத்துப் பார்க்கலாம். மேலே `float.h`, `stdio.h` இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

```c
volatile float a = FLT_MIN;
volatile float b = a / 2;
printf("%g\n", b);
```

`5.87747e-39` என்று வந்தால் சப்நார்மல் உயிரோடு இருக்கிறது. `0` என்று வந்தால் சுவிட்சு போடப்பட்டிருக்கிறது. `volatile` என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. விட்டால் வகுத்தலைக் கம்பைலரே முன்கூட்டிச் செய்து வைத்துவிடும், ஓடும் நேரத்தில் சிப் என்ன செய்கிறது என்பது தெரியாமல் போகும். நிரலில் பல த்ரெட்கள் ஓடினால், கணக்கு நடக்கும் அந்த த்ரெட்டுக்குள்ளேயே இதை வைக்க வேண்டும். ஒன்றில் சுவிட்சு போட்டும் இன்னொன்றில் போடாமலும் இருக்க முடியும்.